சீட் பெல்ட் பற்றி ஐந்து நிமிட உரை: கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்

கரும்பலகை எழுதியது:

வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை. ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதம் என்பதால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சீட் பெல்ட் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் நிற்பார்கள், வெயிலில். "உயிர் விலைமதிப்பற்றது" என்று தொடங்கினால் இரண்டாவது வரியிலேயே காலை மாற்றி நிற்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் கணக்கோடு தொடங்கலாம் என்று நினைத்தேன். வரைவு இது:

"பிள்ளைகளே, ஒரு கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஏன் 54? வினாடிக்குச் சரியாக 15 மீட்டர் என்று முழு எண்ணாக வரும், அவ்வளவுதான். அது ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நேராக மோதுகிறது. காரின் முன்பக்கம் 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது. 15-இல் தொடங்கி சுழியில் முடிவதால் சராசரி வேகம் 7.5. அப்படியானால் நிற்க எடுத்த நேரம் 0.08 வினாடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

"உள்ளே இருப்பவரின் எடை 60 கிலோ. அவருடைய உந்தம் 60 × 15 = 900. பெல்ட் போட்டிருந்தால் காரோடு சேர்ந்து 0.08 வினாடியில் நிற்பார். 900-ஐ 0.08-ஆல் வகுத்தால் 11,250 நியூட்டன். ஏறக்குறைய ஒரு சிறிய கார் மேலே ஏறி நிற்கும் எடை. பெல்ட் போடாதவர் டேஷ்போர்டில் மோதி 5 செ.மீ. தூரத்துக்குள் நிற்பார். அதற்கு 0.0067 வினாடி. விசை 1,35,000 நியூட்டன், அதாவது பன்னிரண்டு மடங்கு. சீட் பெல்ட் கணத்தாக்கைக் குறைத்து உயிரைக் காப்பாற்றுகிறது."

சரியா? எங்கே திருத்த வேண்டும்?

---

ஆறாவது கியர் எழுதியது:

அருமை டீச்சர். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் நாடா மோதலின்போது நீளும். அந்த நீட்சிதான் நேரத்தைக் கூட்டுகிறது, பெல்ட்டின் ரகசியமே அதுதான். நைலான் கயிற்றில் கட்டிய வாளி கிணற்றில் விழும்போது கை வலிக்காது, இரும்புச் சங்கிலி என்றால் தோள்பட்டை கழன்றுவிடும் அல்லவா? அதே கதைதான். இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புக்கும் புரியும்.

---

இராஜபாட்டை எழுதியது:

பின்சீட்டில் போடாவிட்டாலும் அபராதம் உண்டா? எங்கள் ஊரில் ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் ஆயிரம் ரூபாய் என்கிறார். ஆசிரியர் அதைச் சொன்னால் பயனுள்ளதாக இருக்கும்.

---

வெர்னியர் எழுதியது:

அம்மா, நான் ஓய்வுபெற்றவன். வாகன உதிரிபாகங்களைச் சோதிக்கும் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். உங்கள் எண்கள் நன்றாக இருக்கின்றன. கடைசி வரி மட்டும் தவறு, அதுவும் தேர்வில் மதிப்பெண் குறைக்க வேண்டிய தவறு.

கணத்தாக்கை பெல்ட் குறைப்பதில்லை. நீங்களே போட்ட கணக்கைப் பாருங்கள். பெல்ட் போட்டவருக்கும் 900, போடாதவருக்கும் 900. இருவரும் 15-இல் இருந்து சுழிக்கு வருகிறார்கள், இருவருக்கும் ஒரே நிறை. `F × t = m × v` என்பதன் வலப்பக்கத்தைத் தொடவே முடியாது. சுவரில் மோதிய நொடியிலேயே அந்த 900 முடிவாகிவிட்டது. அதைக் கொடுத்துத்தான் தீர வேண்டும். ஒரே நாளில் கொடுப்பதா, தவணையில் கொடுப்பதா என்பதை மட்டுமே பெல்ட் முடிவுசெய்கிறது.

இரண்டாவது, ஆறாவது கியர் தம்பி சொன்னது பாதி சரி. நாடா நீள்வது உண்மை. ஆனால் ரகசியம் அங்கே இல்லை. டீச்சர் கணக்கில் நாடா ஒரு மில்லிமீட்டர்கூட நீளவில்லை, ஆனாலும் விசை பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்தது. எப்படி? பெல்ட் அவரைக் காரோடு கட்டிப்போட்டது. கார் நசுங்கும் 60 செ.மீ. தூரத்தில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பெல்ட் போடாதவருக்கு அந்த 60 செ.மீ. பயன்படவே இல்லை. கார் தன் முன்பக்கத்தைப் பலிகொடுத்து வாங்கிய நேரம் முழுவதும் அவர் காற்றில் மிதந்துகொண்டிருந்தார்.

இதை ஒரு படி கூட்டிச் சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அந்த 0.08 வினாடியில் கார் 60 செ.மீ. நகர்ந்தது. பெல்ட் போடாதவர் வேகம் குறையாமல் 15 × 0.08 = 1.2 மீட்டர் நகர்ந்தார். வித்தியாசம் 60 செ.மீ. முன்சீட்டில் உட்கார்ந்தவரின் நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். ஆக, கார் முழுதாக நின்றுவிட்ட பிறகுதான் அவருடைய விபத்து தொடங்குகிறது, அதே 54 கி.மீ. வேகத்தில்.

---

கரும்பலகை எழுதியது:

ஐயா, வெட்கமாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் "கணத்தாக்கு உந்த மாற்றத்துக்குச் சமம்" என்று ஆண்டுதோறும் எழுதிப்போடுகிறேன், மேடைக்கு என்று எழுதும்போது கை தடம் மாறிவிட்டது. திருத்திவிடுகிறேன். "கார் நின்ற பிறகுதான் அவருடைய விபத்து தொடங்குகிறது" என்ற வரியை எடுத்துக்கொள்ளலாமா?

இராஜபாட்டை அவர்களுக்கு: முன்பக்கம் பார்த்த பின்சீட்டில் இருப்பவரும் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138. அபராதம் ஆயிரம் ரூபாய், 2019 திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு. ஆனால் உரையில் அபராதத்தைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பிள்ளைகள் மனத்தில் அது மட்டும்தான் நிற்கும்.

---

மலைச்சரிவு எழுதியது:

எதிர்க்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்கு 71 வயது. போன ஆண்டு ஒரு டிராக்டரின் பின்னால் எங்கள் கார் மோதியது. அவர் பெல்ட் போட்டிருந்தார். காரில் வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருக்கு மட்டும் மூன்று விலா எலும்புகள் முறிந்தன, தோளிலிருந்து இடுப்புவரை பெல்ட்டின் அகலத்துக்கு நீலம் பாரித்துவிட்டது. இரண்டு மாதம் இருமவே பயந்தார். இப்போது காரில் ஏறினால் பெல்ட்டைத் தொடமாட்டேன் என்கிறார். அவரிடம் இந்த உரையை எப்படிச் சொல்வது?

---

ஆறாவது கியர் எழுதியது:

வெர்னியர் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீட்சி அதிகமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே? ரப்பர் பட்டை போல ஒன்றைப் போட்டுவிட்டால் மலைச்சரிவு அவர்களின் தந்தைக்கு விலா முறிந்திருக்காதே.

---

வெர்னியர் எழுதியது:

டீச்சர், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, ரப்பர் கேள்வி நல்ல கேள்வி, அதில் ஒரு பொறி இருக்கிறது. ரப்பர் நீண்ட பிறகு என்ன செய்யும்? திரும்ப இழுக்கும். 15-இல் முன்னால் போனவரை வினாடிக்கு 5 மீட்டரில் பின்னால் எறிந்தால், வேக மாற்றம் 15 இல்லை, 20. கணத்தாக்கு 900-லிருந்து 1,200 ஆகிவிடும். குறைக்கப்போய்க் கூட்டிவிட்டோம். அதனால்தான் நாடாவை பாலியெஸ்டரில் நெய்கிறார்கள். அது நீளும், ஆனால் ரப்பரைப் போலத் துள்ளாது. இன்னும் நல்ல கார்களில் நாடா சுற்றியிருக்கும் உருளைக்கு நடுவே ஒரு முறுக்குக் கம்பி இருக்கும். இழுவிசை ஓர் அளவைத் தாண்டினால் அந்தக் கம்பி முறுகி, நாடாவைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். முறுகிய கம்பி திரும்பி வராது. லோடு லிமிட்டர் என்பது இதுதான்.

இப்போது உங்கள் நீட்சிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். நாடா நீள்வது, கம்பி முறுகுவது எல்லாம் சேர்த்து உடல் காருக்குள் 20 செ.மீ. முன்னால் நகர்கிறது என்று வைப்போம். நிற்கும் தூரம் 60-லிருந்து 80 ஆகிறது, நேரம் 0.107 வினாடி. விசை 11,250-லிருந்து 8,440 நியூட்டனுக்கு இறங்குகிறது. நான்கில் ஒரு பங்கு குறைவு. சிறிதல்ல. ஆனால் முதல் பெரிய குறைப்பு காரின் மூக்கு தந்தது.

மலைச்சரிவு அவர்களே, உங்கள் தந்தையின் வலி உண்மை. 8,440 நியூட்டன் என்பது 860 கிலோ எடை. அது ஒரு கையகல நாடா வழியாக நெஞ்சில் இறங்கினால், 71 வயது விலா எலும்பு முறியத்தான் செய்யும். பெல்ட் காயம் தராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெல்ட் இல்லாமல் அவர் எங்கே போய் மோதியிருப்பார் என்பதைக் காரின் முன்கண்ணாடியைப் பார்த்தால் தெரியும். ஒரு சந்தேகம்: அன்று குளிரா? சால்வை, கம்பளி எதையாவது போர்த்தியிருந்தாரா?

---

மலைச்சரிவு எழுதியது:

ஆமாம். மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கம்பளிச் சட்டைக்கு மேல் தடித்த சால்வை. பெல்ட் இறுக்குகிறது என்று ஒரு துணி மாட்டும் கிளிப்பை வைத்து தோள் பக்கத்தில் தளர்த்தி வைத்திருந்தார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

---

பட்டறை வாசல் எழுதியது:

அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்கிறேன். நான் விபத்துக் கார்களைச் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு காரிலாவது பெல்ட்டில் துணிக் கிளிப், ஊக்கு, சில சமயம் முடிச்சு. முடிச்சுகூட.

இன்னொரு சங்கதி: கொக்கி மட்டும் தனியாக விற்றார்கள், பெல்ட் போடாமலேயே பூட்டில் செருகி அலாரத்தை வாயடைக்க. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை இணையக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. என் பட்டறைக்கு வரும் கார்களில் இன்னும் பார்க்கிறேன்.

---

வெர்னியர் எழுதியது:

தளர்ச்சிக்கான கணக்கை டீச்சருக்காகவே போட்டு வைத்திருக்கிறேன். உரையில் ஒரே ஒரு கணக்கு வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பெல்ட் போட்டவருக்கும் போடாதவருக்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஒழுங்காகப் போட்டவருக்கும் தளர்வாகப் போட்டவருக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது.

அதே கார், அதே சுவர், அதே 60 கிலோ மனிதர். பெல்ட் 10 செ.மீ. தளர்வு. மோதல் தொடங்கியதும் கார் வேகம் இழக்கிறது. மனிதர் இழக்கவில்லை, ஏனென்றால் நாடா இன்னும் அவரைத் தொடவில்லை. காரைவிட அவர் 10 செ.மீ. முந்திப் போன பிறகுதான் நாடா விறைக்கும். கார் வினாடிக்கு வினாடி 187.5 என்ற கணக்கில் வேகம் இழப்பதால், அதற்கு ஆகும் நேரம் 0.033 வினாடி. மொத்தமே 0.08 தானே? அதில் ஐந்தில் இரண்டு பங்கு வீணாகிவிட்டது. அந்த நேரத்தில் அவர் 49 செ.மீ. முன்னால் போய்விட்டார், வேகம் ஒரு துளியும் குறையாமல்.

இனி அவருக்கு மிச்சம் எவ்வளவு தூரம்? காரின் 60, தளர்வின் 10, நாடா விட்டுக்கொடுக்கும் 20, ஆக 90. அதில் 49 போனால் 41 செ.மீ. அந்த 41-க்குள் 900 முழுவதையும் கொடுத்தாக வேண்டும். நேரம் 0.055 வினாடி. விசை 16,460 நியூட்டன். இறுக்கமாகப் போட்டவருக்கு 8,440.

10 செ.மீ. துணி, விசை இரு மடங்கு. தந்தையாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் சொல்வது போல எலும்பை முறித்தது பெல்ட்தான். ஆனால் அந்தத் துணிக் கிளிப்புக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

(இது சீரான வேகக் குறைவு என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையான மோதலில் கார் சீராக நசுங்காது, நாடாவும் படிப்படியாகத்தான் விறைக்கும். உச்ச விசை சராசரியைவிட மேலே போகும். மடங்கு ஏறத்தாழ என்று கொள்ளுங்கள்.)

---

கரும்பலகை எழுதியது:

ஐயா, இந்தக் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பில் நானே கொடுத்திருக்க வேண்டியது. இவ்வளவு நாள் சுவரில் பந்து மோதும் கணக்கையே திரும்பத் திரும்பக் கொடுத்துவந்தேன்.

ஒரு சந்தேகம். 0.08 வினாடியில் நிற்பதையே மனித உடல் தாங்குமா? புவியீர்ப்பைப் போல 19 மடங்கு என்று வருகிறதே. மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வது?

---

வெர்னியர் எழுதியது:

அதற்கு ஒரு மனிதரே சாட்சி. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப். 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோவின் ஹாலமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் போனார். 1.4 வினாடியில் நிறுத்தினார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரி 20 மடங்குக்குச் சற்று மேல், உச்சத்தில் 46 மடங்கு. கண்களில் இரத்தம் கட்டி சிறிது நேரம் பார்வை இல்லாமல் இருந்தார், பிறகு தேறிவிட்டார். தோள், இடுப்பு, நெஞ்சு என்று அகலமான வார்களால் இறுக்கக் கட்டியிருந்தார் என்பதுதான் முக்கியம். ஓர் அங்குலம் தளர்வு இருந்திருந்தால் கதை வேறு. பின்னாளில் கார்களில் பெல்ட் வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர்.

இன்று நாம் போடும் மூன்று புள்ளிப் பெல்ட்டை 1959-இல் வால்வோவுக்காக வடிவமைத்த நில்ஸ் போலினும் விமானத்திலிருந்து வந்தவர்தான். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், விமானியை வெளியே எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தார். மனிதனை எறியும் வேலையிலிருந்து பிடித்துவைக்கும் வேலைக்கு வந்தார் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

---

பகல்நேர நர்ஸ் எழுதியது:

விபத்துப் பிரிவில் வேலை செய்கிறேன். கணக்கு எனக்கு வராது, ஆனால் பெல்ட் எங்கே பட்டது என்பதை நீலத் தழும்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இடுப்புப் பட்டை தொடைக்கு மேல் இடுப்பெலும்பில் படிந்திருந்தால் பெரும்பாலும் தழும்போடு போய்விடும். வயிற்றின் மேல் கிடந்திருந்தால் எனக்குப் பயம். வெளியே கோடு மட்டும்தான் தெரியும், உள்ளே குடல் கிழிந்திருக்கும், சில மணிநேரம் கழித்துத்தான் வயிறு இறுகும். சீட்டைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருபவர்கள் பெல்ட்டுக்குக் கீழே வழுக்கி இறங்கிவிடுகிறார்கள். கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் போட வேண்டும். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து போடாமல் வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டீச்சர், மடியில் குழந்தை வைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். "கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் சிஸ்டர்" என்று அழுவார்கள். பிடித்திருப்பார்கள்தான்.

---

கரும்பலகை எழுதியது:

சிஸ்டர், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதவில்லை.

கணக்குப் போட்டேன். 10 கிலோ குழந்தை, தாய் ஒழுங்காக பெல்ட் போட்டிருக்கிறார், 0.107 வினாடி. குழந்தையின் உந்தம் 150. தாயின் கைகள் தர வேண்டிய விசை 1,400 நியூட்டன், அதாவது 140 கிலோ மூட்டையைச் சட்டென்று பிடிப்பது. அதுவும் அவர் விபத்தை உணர்ந்து கையை இறுக்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சேர்த்துவிடுகிறேன்.

---

ஆறாவது கியர் எழுதியது:

ஏர்பேக் உள்ள கார்களில் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடுமே? இப்போது ஆறு ஏர்பேக்கோடு கார் வருகிறது. பெல்ட் தளர்வாக இருந்தாலும் பை பிடித்துக்கொள்ளாதா?

---

பட்டறை வாசல் எழுதியது:

தம்பி, ஸ்டியரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பார்கள். கூடுதல் துணை என்றுதான் அதற்கு அர்த்தம். பெல்ட் முதலாளி, பை உதவியாள். பை விரிய ஏறக்குறைய 0.03, 0.04 வினாடி ஆகும். விரிந்து முடித்த பையில் முகம் போய்ச் சாய வேண்டும், அப்போதுதான் மெத்தை. பெல்ட் இல்லாதவர் மோதலுக்கு முன் பிரேக் போட்டபோதே முன்னால் வந்துவிடுவார். விரிந்துகொண்டிருக்கும் பை அவர் முகத்தில் குத்தும். அது மெத்தை இல்லை, முஷ்டி.

வெர்னியர் ஐயா சொன்ன 10 செ.மீ. தளர்வைக் காரே எடுத்துவிடுவதற்கு ஒரு சாதனம் உண்டு, ப்ரீடென்ஷனர். மோதலை உணர்ந்ததும் உள்ளே சிறு வெடிமருந்து வெடித்து நாடாவைச் சுண்டி இழுக்கும். ஒரு முறைதான் வேலை செய்யும். வெடித்த பிறகு முழு பெல்ட்டையும் மாற்ற வேண்டும். இங்கேதான் மோசடி. விளக்கு எரியாமல் இருக்க, வெடித்த ப்ரீடென்ஷனரின் ஒயரில் ஒரு சிறு ரெசிஸ்டரைப் பொருத்திவிடுகிறார்கள். கார் எல்லாம் நலம் என்று நம்பும். இப்படிச் செய்யச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள், விற்கப்போகும் கார்தானே என்று.

பழைய கார் வாங்குபவர்கள் நாடாவைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். ஓரம் அலை அலையாக இருந்தாலோ, தோள் வளையத்தின் பிளாஸ்டிக்கிலும் கொக்கியிலும் நாடா தேய்த்த உருகிய கோடு இருந்தாலோ, அந்த பெல்ட் ஒரு மனிதரை ஏற்கெனவே பிடித்திருக்கிறது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

---

இராஜபாட்டை எழுதியது:

நான் அபராதம் கேட்டேன், நீங்கள் வெடிமருந்துவரை போய்விட்டீர்கள். இருந்தாலும் படித்தேன். என் காரில் நாடாவை வேகமாக இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்கிறது. பழுதா?

---

பட்டறை வாசல் எழுதியது:

வெடுக்கென்று இழுத்தால் சிக்க வேண்டும், அதுதான் பூட்டு. மெதுவாக இழுத்தால் வர வேண்டும். மெதுவாக இழுத்தும் சிக்கினால்தான், அல்லது வெடுக்கென்று இழுத்தும் வந்துகொண்டே இருந்தால்தான் பழுது.

---

வெர்னியர் எழுதியது:

டீச்சர், வரைவில் இன்னொரு சிறு திருத்தம். "டேஷ்போர்டில் முழு வேகத்தில் மோதுவார்" என்பது பக்கத்து சீட்டுக்காரருக்குப் பொருந்தும். ஓட்டுநருக்கு ஸ்டியரிங் அருகில் இருக்கிறது. 30 செ.மீ. இடைவெளி என்றால் கார் இன்னும் நின்றிருக்காது, ஸ்டியரிங்கை அவர் மோதும் சார்பு வேகம் மணிக்கு 38 கி.மீ. மட்டும். மட்டும் என்றேன், ஸ்டியரிங் கம்பம் நெஞ்சில் ஏறுவதற்கு அது போதும்.

செய்து காட்ட ஏதாவது வைத்திருக்கிறீர்களா? முட்டையை விரித்த போர்வையில் எறிவதை எல்லாரும் செய்துவிட்டார்கள்.

---

கரும்பலகை எழுதியது:

சக்கரம் வைத்த தள்ளுவண்டி, அதில் களிமண் பொம்மை, சாய்பலகை, கீழே ஒரு செங்கல். முதலில் கட்டாமல், பிறகு மெல்லிய சணல் கயிற்றால் கட்டி, பிறகு அகலமான ரிப்பனால் கட்டி. மூன்று முறை விடப்போகிறேன். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

---

கரும்பலகை எழுதியது (ஆறு நாள் கழித்து):

பேசிவிட்டேன். ஐந்து நிமிடம் பதினொன்று ஆகிவிட்டது, தலைமையாசிரியர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் ஓட்டத்தில் பொம்மை பறந்து ஏழாம் வகுப்பு வரிசையில் விழுந்தது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சணல் கயிறு களிமண்ணை நெஞ்சுக்குக் குறுக்கே பாதிவரை அறுத்துவிட்டது, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ரிப்பன் நிறுத்தியது. பிறகு திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன்: அதே ரிப்பனை நான்கு விரல் தளர்த்திக் கட்டினேன். பொம்மையின் தலை முன்னால் மடிந்து கழுத்து விரிசல் விட்டது. அதன் பிறகுதான் 8,440, 16,460 இரண்டையும் பலகையில் எழுதினேன். பொம்மையைப் பார்த்தபின் எண்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. நுனிப்புல் மேயும் இயற்பியல்தான், ஒப்புக்கொள்கிறேன். களிமண்ணுக்கு விலா எலும்பு கிடையாது.

கூட்டம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள்: "மிஸ், எங்கள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவில் பெல்ட் போட்டால் இதே மாதிரி நேரம் கூடுமா?" யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். என்ன சொல்வது?

---

ஆறாவது கியர் எழுதியது:

கூடும் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தபட்சம் வெளியே விழமாட்டார்.

---

வெர்னியர் எழுதியது:

வெளியே விழாமல் இருப்பது பெரிய விஷயம், அது சரி. ஆனால் அவள் கேட்டது நேரம். பெல்ட் நேரத்தை உண்டாக்குவதில்லை, வண்டி நசுங்கி வாங்கித் தரும் நேரத்தைப் பகிர்ந்து தருகிறது. ஆட்டோவில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஒரு தகடு, ஒரு சக்கரம். அது எவ்வளவு தூரம் நசுங்கும், எந்த இடத்துக்குப் பிறகு அவர் மேலேயே வரும் என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. வேகம் குறைவு என்பது அவருக்குச் சாதகம். கட்டிப்போட்டால் நல்லதா, எதில் கட்டிப்போடுவது, அந்தக் குழாய்ச் சட்டம் தாங்குமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

அப்பாவின் ஆட்டோவில் இருக்கையிலிருந்து முன்தகடுவரை அளந்து வரச் சொல்லுங்கள். எண் வந்ததும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.

---

மலைச்சரிவு எழுதியது:

அப்பாவிடம் அந்த 41 செ.மீ. கணக்கைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நேற்று சந்தைக்குப் போகும்போது சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெல்ட் போட்டார். கிளிப்பை மட்டும் தரமறுக்கிறார், துணி காயப்போட வேண்டுமாம்.